அடுத்த கட்டப் பணம் கட்டச் சொல்லிக் கட்டுநரிடமிருந்து நினைவூட்டல் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். வீடு வாங்கியவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்புவதுதான் என் வேலை. கடிதம் போன மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் உறவினர்களும் தெரிந்தவர்களும் அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு வாங்கி, வேலை நடக்க நடக்கப் பணம் கட்டுபவர்களுக்கானவை இவை.

1. போன தவணை கட்டி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அடுத்த பணம் கேட்கிறார்களே, இது நியாயமா?

உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பணம் கட்டும் அட்டவணை இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். அதில் தேதிகள் இருக்காது, வேலைகள்தான் இருக்கும். அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, முதல் தளம் போட்டதும் இவ்வளவு என்று எழுதியிருக்கும். வேலை முடிந்த நாளில் பணம் கட்ட வேண்டிய கடமை பிறக்கிறது. நடுவில் எத்தனை வாரம் போயிற்று என்பது கணக்கில் வராது.

கார் நிறுத்தும் தரைத்தளமும் அதன் மேல் நான்கு மாடிகளும் கொண்ட கட்டடத்தில், அஸ்திவாரத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகு தளங்கள் வேகமாக ஏறும். வானிலையும் ஆட்களும் ஒத்துழைத்தால் ஒரு தளத்துக்கு மூன்று முதல் ஐந்து வாரம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே தளம் இரண்டு மாதம் இழுக்கும். ஆகவே அஸ்திவாரப் பணம் கட்டியதும் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பணம் அடுத்தடுத்துத் தேவைப்படும் காலம் அங்கேதான் தொடங்குகிறது. பங்குச் சந்தைப் பங்கை விற்றோ நகையை வைத்தோ நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பணத்தைத் திரட்டுவதாக இருந்தால், முதல் தளத்துக்குக் கம்பி கட்டும்போதே அதற்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்.

2. கடிதத்தில் நிறைய எண்கள் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை.

வழக்கமான நினைவூட்டல் இப்படித்தான் இருக்கும்: "இரண்டாம் தளக் கூரைக் கான்கிரீட் நிறைவடைந்ததையொட்டி, ஒப்பந்தப்படி 10 சதவீதம் ரூ. 7,20,000, ஜிஎஸ்டி ரூ. 36,000, முந்தைய நிலுவை ரூ. 7,200. கடிதத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் கீழ்க்காணும் கணக்கில் செலுத்தவும். தவறினால் ஒப்பந்தப்படி வட்டி வசூலிக்கப்படும்."

எந்த வேலை முடிந்ததாகச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அது அட்டவணையில் உள்ள சொல்லோடு அப்படியே பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். அடுத்து தொகை, அதற்கும் அடுத்து வங்கிக் கணக்கு எண். பெரும்பாலானோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வங்கிக்கு ஓடுகிறார்கள். நான் பார்த்த வரையில் தகராறுகள் அதிகம் பிறப்பது முதல் வரியில்தான்.

3. எங்கள் வீடு முதல் மாடியில். எங்கள் வீட்டுக் கூரை போட்டாயிற்று. மூன்றாம் மாடித் தளத்துக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

அட்டவணையில் உள்ள தள வேலைகள் கட்டடம் முழுமைக்குமானவை. முதல் மாடிக்காரரும் நான்காம் மாடிக்காரரும் ஒரே நாளில் ஒரே சதவீதம் கட்டுவார்கள். நான்காம் மாடிக்காரர் தன் வீட்டின் தரைகூட உருவாகாத நிலையில் அஸ்திவாரத்துக்குப் பணம் தந்தார் அல்லவா, அதே முறைதான். ஆனால் செங்கல் கட்டு, பூச்சு வேலை, டைல்ஸ் என்று வரும்போது பல ஒப்பந்தங்களில் "குறிப்பிட்ட வீட்டின்" என்ற சொல் சேர்ந்துவிடும். அந்தச் சொல் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், பக்கத்து வீட்டில் பூச்சு முடிந்ததைக் காட்டி உங்களிடம் பணம் கேட்க முடியாது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள், சில லட்சங்கள் இதில் அடங்கியிருக்கின்றன. "இரண்டாம் தளக் கான்கிரீட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தத் தளம்? இரண்டாம் மாடி வீட்டின் தரையா, கூரையா? தரை என்றால் அது முதல் மாடியின் கூரை. கூரை என்றால் அதற்கு மேலே இன்னும் ஒரு தளம் ஏற வேண்டும். கார் நிறுத்துமிடம் இருக்கும் கட்டடங்களில் குழப்பம் இன்னும் கூடும். மேஸ்திரி கார் நிறுத்துமிடத்தின் கூரையையே முதல் தளம் என்பார். அலுவலகத்தில் அதையே "ஸ்டில்ட் ரூஃப்" என்பார்கள். இப்படி ஒரு படி தவறினால் பத்து சதவீதப் பணம் ஒரு மாதம் முன்னதாகவே உங்கள் கையை விட்டுப் போகும். வங்கிக் கடனாக இருந்தால் அந்த மாதத்து வட்டியும் உங்கள் தலையில் விழும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஒவ்வொரு வரியிலும் "கூரை" என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டாயிற்று என்றால், மொத்தம் எத்தனை தள வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். தரைத்தளமும் நான்கு மாடிகளும் உள்ள கட்டடத்துக்குக் கூரைகள் ஐந்து. அட்டவணையிலும் ஐந்து வரிகள் இருந்தால் முதல் வரி கார் நிறுத்துமிடத்தின் கூரை. மற்றவை வரிசையாகப் பொருந்திவிடும்.

4. வேலை உண்மையிலேயே முடிந்ததா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் பொறியாளர்கள் இல்லையே.

பொறியாளர் தேவையில்லை, நேரில் போனால் போதும். ஆனால் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கிருந்து தெரிவது சென்ட்ரிங் பலகையும் முட்டுகளும்தான். பலகைக்கு மேலே கம்பி மட்டும் கட்டியிருந்தாலும், கான்கிரீட் போட்டு முடித்திருந்தாலும், கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேலே ஏற அனுமதி கேளுங்கள். அலுவலகத்தில் தலைக்கவசம் தருவார்கள். கான்கிரீட் போட்ட தளம் என்றால் சாம்பல் நிறத் தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். குறைந்தது ஏழு நாட்களாவது அந்த ஈரம் காயக் கூடாது. தூண்களின் கம்பிகள் மட்டும் அடுத்த மாடிக்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஏற விடாவிட்டால் தளத்தின் ஓரத்தைப் பாருங்கள். கான்கிரீட் பால் வழிந்த கோடுகளும் நீர் சொட்டிய தடங்களும் சுவரிலும் தூணிலும் தெரியும்.

ஊரில் இல்லாதவர்கள் தேதியோடு மேலிருந்து எடுத்த படம் கேளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை கம்பி கட்டி முடித்த படத்தை இணைத்தே நினைவூட்டல் போய்விட்டது. துபாயில் இருந்த ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், இதில் கம்பிக்கு நடுவே மின்குழாய் தெரிகிறதே, கான்கிரீட் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தளம் போட இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. கடிதத்தைத் திரும்பப் பெற்று, தளம் போட்ட பிறகு புதுத் தேதியிட்டு அனுப்பினோம்.

எழுத்தில் ஆதாரம் வேண்டுமா, அதற்கும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் திட்டத்துக்கென உள்ள தனிக் கணக்கில் போட வேண்டும். அதிலிருந்து பணம் எடுக்க, எவ்வளவு வேலை முடிந்தது என்று பொறியாளர், கட்டடக்கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தர வேண்டும். ஆக, வேலை நிலையைப் பற்றிய சான்றுகள் நிறுவனத்திடம் எப்படியும் தயாராகும். இந்தக் கட்டத்துக்கான பொறியாளர் சான்றின் நகலைக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் முகம் சுளிக்காமல் தரும். இந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பக்கத்தையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை அங்கே பதிய வேண்டியது நிறுவனத்தின் கடமை.

5. முந்தைய நிலுவை போக மொத்தம் ரூ. 7,56,000 என்று வந்திருக்கிறது. அப்படியே அந்தத் தொகையைக் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். கடிதத்தில் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை ரூ. 72 லட்சம். இந்தக் கட்டத்துக்கு 10 சதவீதம், அதாவது ரூ. 7,20,000. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது ரூ. 36,000. (விலை ரூ. 45 லட்சத்துக்குள்ளும், சென்னை போன்ற பெருநகரில் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 1 சதவீதம்தான்.) இரண்டும் சேர்ந்து ரூ. 7,56,000.

ஆனால் விலை ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குபவர் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் வருமான வரிப் பிடித்தமாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டும். 50 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு தவணைக்கும் முழுமையாகப் பிடிக்க வேண்டும். இங்கே ரூ. 7,20,000க்கு 1 சதவீதம் ரூ. 7,200. ஆகவே நிறுவனத்துக்குப் போக வேண்டியது ரூ. 7,48,800. அந்த ரூ. 7,200ஐ நிறுவனத்தின் பான் எண்ணைக் குறிப்பிட்டு நீங்களே வருமான வரி இணையதளம் வழியாக அரசுக்குக் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாட்கள் அவகாசம் உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரில் வீடு என்றால் இருவரும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒருவர் பெயரில் மொத்தத்தையும் கட்டிவிட்டுப் பிறகு திருத்த அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

6. போன தவணையை ஒரு ரூபாய் விடாமல் கட்டினேன். ஆனாலும் "முந்தைய நிலுவை ரூ. 7,200" என்று போட்டிருக்கிறார்களே?

தொகையை மறுபடி பாருங்கள். போன தவணையும் 10 சதவீதம் என்றால், 5ஆம் பதிலில் வந்த அதே டிடிஎஸ் தொகைதான் இது. நீங்கள் அரசுக்குக் கட்டிவிட்டீர்கள், ஆனால் கட்டியதற்கான டிடிஎஸ் சான்றிதழை நிறுவனத்துக்கு அனுப்பவில்லை. அது வரும் வரை நிறுவனத்தின் கணக்கு உங்கள் பெயரில் அந்தத் தொகையைப் பாக்கியாகவே காட்டும். ஒவ்வொரு நினைவூட்டலிலும் அது தொடர்ந்து வரும், சில இடங்களில் அதற்கு வட்டிகூட ஏறும்.

வருமான வரித் துறையின் டிடிஎஸ் இணையதளத்திலிருந்து சான்றிதழைத் தரவிறக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள். திருத்திய கணக்கு அறிக்கை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். இந்த வகை நிலுவையை இரண்டாம் முறையாகக் கட்டிவிட்டவர்களும் உண்டு. திரும்பப் பெறுவதற்குள் வீட்டுச் சாவியே கைக்கு வந்துவிடும்.

7. வங்கி பணம் தரத் தாமதம் செய்கிறது. அதற்கும் வட்டியை நாங்கள்தான் கட்ட வேண்டுமா?

வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான். நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியவர் நீங்கள். வங்கி உங்களுக்குக் கடன் தருகிறது, அவ்வளவுதான். வங்கி எடுத்துக்கொண்ட நாட்கள் உங்கள் நாட்களாகவே எண்ணப்படும்.

தாமதம் பெரும்பாலும் ஆவணங்களால் வருகிறது. வங்கிக்கு நிறுவனத்தின் நினைவூட்டல் கடிதம், முந்தைய தவணைக்கான ரசீதுகள், உங்கள் சொந்தப் பங்கைக் கட்டியதற்கான சான்று ஆகியவை வேண்டும். அதன் பிறகு வங்கியின் பொறியாளர் இடத்துக்கு வந்து பார்ப்பார். சொந்தப் பங்கு முழுவதும் போன பிறகே கடன் பணம் வெளியே வரும் என்பது பொதுவான நடைமுறை. ஜிஎஸ்டிக்குக் கடன் தராத வங்கிகளும் உண்டு. அந்த ரூ. 36,000 உங்கள் கையிலிருந்தே போக வேண்டியிருக்கலாம். டிடிஎஸ் தொகையைக் கழித்துத்தான் நிறுவனத்துக்குக் காசோலை வர வேண்டும் என்பதையும் வங்கியிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

கடிதம் வந்த அன்றே வங்கியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த நகலை நிறுவனத்துக்கு அனுப்பி, "வங்கியில் கொடுத்துவிட்டேன், இன்ன தேதிக்குள் வரும்" என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி எழுதியவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் வட்டியை எங்கள் மேலாளர் தள்ளுபடி செய்ததை நானே பலமுறை பதிவு செய்திருக்கிறேன். பேசாமல் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைத்ததில்லை.

8. தாமதத்துக்கு 24 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டோம். கட்டித்தான் ஆக வேண்டுமா?

ரெராவில் பதிவான திட்டமாக இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வாங்குபவர் தாமதித்தாலும் கட்டுநர் தாமதித்தாலும் வட்டி விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி அது பாரத ஸ்டேட் வங்கியின் மிக உயர்ந்த எம்சிஎல்ஆர் என்னும் அடிப்படைக் கடன் வட்டி விகிதமும் அதோடு 2 சதவீதமும் சேர்ந்தது.

உதாரணத்துக்கு அது 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரூ. 7,56,000ஐ 20 நாள் தாமதமாகக் கட்டினால் வட்டி ஏறத்தாழ ரூ. 4,560. 24 சதவீதத்தில் அதுவே ஏறத்தாழ ரூ. 9,940. அன்றைய விகிதத்தைப் பாரத ஸ்டேட் வங்கியின் இணையதளத்தில் பார்த்து, உங்கள் கணக்கை எழுதி, சட்டப்படியான வட்டியைத் தருவதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த விதி தெரியும்.

9. வேலையின் தரம் சரியில்லை, வேலையும் தாமதம். பணத்தை நிறுத்தி வைத்தால்தானே அவர்கள் வழிக்கு வருவார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் மூன்று வெவ்வேறு நிலைமைகள் கலந்து கிடக்கின்றன.

கேட்கும் கட்டமே முடியவில்லை என்றால் பணம் இன்னும் கட்ட வேண்டியதாகவே ஆகவில்லை. 4ஆம் பதிலில் சொன்னபடி பார்த்து, படத்தோடு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். கொடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டம் முடிந்திருக்கிறது, ஆனால் தூணில் கல் தெரிகிறது, கம்பி தெரிகிறது என்றால் நிலைமை வேறு. குறையைப் படமெடுத்து, சரிசெய்யச் சொல்லி, முடிந்தால் தனியார் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் அறிக்கையோடு உடனே எழுதுங்கள். பணத்தை நிறுத்தினால் குறை சொல்ல வந்தவர், பாக்கி வைத்தவர் ஆகிவிடுவார். "எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன்" என்று எழுதிவிட்டுக் கட்டுவது பாதுகாப்பானது. சாவி வாங்கிய பிறகும் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் செலவு வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும்.

ஒப்படைக்கும் தேதி தாண்டிவிட்டது என்றால், தொடர்ந்து இருக்க விரும்புபவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் 8ஆம் பதிலில் சொன்ன அதே வட்டி உண்டு. விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். இந்த உரிமையைக் கேட்டு ரெராவுக்குப் போகும்போது, உங்கள் தவணைகள் ஒழுங்காக இருந்தால் உங்கள் வழக்கு வலுவாக இருக்கும்.

10. இரண்டு நினைவூட்டலுக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டை ரத்து செய்துவிடுவோம் என்று மூன்றாவது வந்திருக்கிறது. அப்படிச் செய்ய முடியுமா?

ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி மட்டுமே முடியும். எத்தனை முறை தவறினால், எத்தனை நாள் முன்னறிவிப்புக்குப் பிறகு, எவ்வளவு கழித்துக்கொண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு மாறாகவோ போதிய காரணம் இல்லாமலோ ஒருதலையாக ரத்து செய்தால் ரெராவில் முறையிடலாம்.

ஆனால் இந்தக் கடிதத்தை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். விலை ஏறியிருக்கும் பகுதியில் பழைய விலைக்கு விற்ற வீட்டைத் திரும்ப எடுத்து மறுபடி விற்பது நிறுவனத்துக்கு லாபம். மூன்றாவது கடிதம் பெரும்பாலும் வழக்கறிஞர் பார்த்துத் தந்த கடிதமாக இருக்கும். அன்றே பதில் எழுதி, கையில் இருப்பதைக் கட்டி, மீதிக்குத் தேதி சொல்லுங்கள். ஒரு பகுதி பணமும் எழுத்தில் ஒரு தேதியும் இருந்தால் ரத்து செய்வது நிறுவனத்துக்குச் சுலபமாக இருக்காது.

11. அடுத்த இரண்டு தளத்துக்கும் இப்போதே சேர்த்துக் கட்டினால் ஒரு லட்சம் தள்ளுபடி என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

அந்தத் தள்ளுபடி உண்மையில் நீங்கள் அவர்களுக்குத் தரும் கடனுக்கான வட்டி. இரண்டு தளத்துக்கு 14,40,000 ரூபாய் என்றால், வேலை சொன்னபடி நடந்தால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே தெரியும். வேலை நின்றுவிட்டால் நடக்காத வேலைக்குப் பணம் கொடுத்தவராக நிற்பீர்கள். முன்பணத் தள்ளுபடியை அவசரமாக அறிவிக்கும் நிறுவனம் பெரும்பாலும் ரொக்கத் தட்டுப்பாட்டில் இருக்கிறது. நான் உள்ளே இருந்து பார்த்தது அது. என் தங்கை கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

12. இந்த முறை வேறு கணக்கு எண் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. "பழைய கணக்கில் சிக்கல், இதில் போடுங்கள் சார்" என்கிறார்கள்.

போடாதீர்கள். ஒப்பந்தத்திலும் முந்தைய கடிதங்களிலும் உள்ள திட்டக் கணக்கு எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் மாறினால், அந்தச் செய்தியில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் முதலிலிருந்து பேசிவரும் அலுவலக எண்ணுக்கு அழையுங்கள், அல்லது நேரில் போங்கள். மாற்றம் உண்மை என்றால் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில், கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் அதை அனுப்புங்கள். பழைய கணக்கு எண்ணை நம்பியே வங்கி உங்கள் கடனுக்கு ஒப்புதல் தந்திருக்கும்.

நிறுவனத்தின் இன்னொரு கணக்கே ஆனாலும் ஏற்காதீர்கள். 4ஆம் பதிலில் சொன்ன 70 சதவீதப் பாதுகாப்பு திட்டக் கணக்கில் விழும் பணத்துக்குத்தான் உண்டு. ரொக்கமாகக் கேட்டாலும் இதே பதில்தான். வீடு, மனைக்காக ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரசீது இல்லாத ரொக்கம் அடுத்த நினைவூட்டலில் மறுபடி பாக்கியாக வந்து நிற்கும்.